காணாக்கடிக்கு ஒரே ஊசி: இந்தப் பழக்கத்தை நிறுத்துங்க

1/
உளுந்தூர்பேட்டை பக்கம் உடம்புல எங்க தடிச்சாலும் ஒரே பேருதான்: காணாக்கடி. எது கடிச்சதுன்னு கண்ணுல படல, அதனால காணாக்கடி. வைத்தியமும் ஒண்ணுதான். வெத்தலையில மிளகு வச்சு மெல்லு, அதுக்கும் கேக்கலன்னா போய் ஒரு ஊசி போட்டுக்கோ. வெத்தலை மிளகால யாருக்கும் பெரிய கெடுதல் இல்ல. எனக்குச் சண்டை அந்த ஊசியோடதான். இழை கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோவமும் இருக்கும். பொறுமையாப் படிங்க.

2/
முதல்ல அந்த ஊசியில என்ன இருக்கு? பெரும்பாலும் ரெண்டு மருந்து. ஒண்ணு, அவில்னு எல்லாரும் சொல்ற ஃபெனிரமின். அரிப்பைக் குறைக்கும், தூக்கம் வரவைக்கும். இன்னொண்ணு டெக்ஸான்னு சொல்ற டெக்ஸாமெத்தசோன். இது ஸ்டீராய்டு. கொசு கடிச்சாலும் இதுதான், மூட்டைப்பூச்சி கடிச்சாலும் இதுதான், அலர்ஜியில உடம்பு முழுக்க தடிச்சாலும் இதுதான். சில இடத்துல மருந்துக் கடையிலயே போட்டு அனுப்பிடுறாங்க. சட்டையைக் கழட்டிக் காட்டச் சொல்றவங்க ரொம்பக் கம்மி.

3/
"டாக்டர், ஊசி போட்டா உடனே அடங்குதே, அப்புறம் என்ன?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அலர்ஜித் தடிப்பு ஒவ்வொண்ணும் சில மணி நேரத்துல, அதிகம் போனா ஒரு நாளைக்குள்ள, தானாவே மறைஞ்சிடும். பூச்சிக்கடியும் சில நாள்ல தானா அமுங்கிடும். எப்படியும் அடங்கப்போற ஒண்ணுக்கு ஊசி போட்டா, பேரு ஊசிக்குத்தான் போகும். நிஜமாவே மருந்து வேலை செஞ்சு அரிப்பு குறையிற ஆளுங்களும் இருக்காங்க. ஆனா அங்கயும் காரணம் அப்படியேதான் இருக்கு. மூட்டைப்பூச்சி கட்டில்லதான் இருக்கு. அதுக்கு யாரும் ஊசி போடல.

4/
நஷ்டம் என்னன்னு கேளுங்க. சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸா போட்டா சர்க்கரை ஏறும். மாசத்துக்கு ரெண்டு மூணு முறைன்னு போட்டுக்கிட்டே இருந்தா முகம் உப்பும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டும் குறைஞ்சுபோகும். இது எல்லாத்தையும் விட எனக்கு வலிக்கிறது வேற ஒண்ணு. அந்தத் தடிப்பு எந்த இடத்துல இருந்துச்சு, எப்படிக் கூட்டமா இருந்துச்சு, எத்தனை நேரம் இருந்துச்சுங்கற மொத்த சாட்சியத்தையும் யாரும் பாக்காமலே அழிச்சிடுறோம்.

5/
ஏன்னா தனியா ஒரே ஒரு தடிப்பைப் பாத்து இது எது கடிச்சதுன்னு யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது, பெரிய ஊர்ல இருக்கற தோல் டாக்டராலயும் முடியாது. கொசுக்கடி ஒண்ணு, மூட்டைப்பூச்சிக் கடி ஒண்ணு, அலர்ஜித் தடிப்பு ஒண்ணு பக்கத்துல பக்கத்துல வச்சா மூணும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் வேற மூணு கேள்வியிலதான் இருக்கு. எத்தனை நேரம் இருக்கு? எப்படிச் சேந்து இருக்கு? உடம்புல எங்க இருக்கு, எங்க இல்ல?

6/
முதல் கேள்வி: நேரம். இதுக்கு ஸ்கேன் வேணாம், ரத்தப் பரிசோதனை வேணாம், ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். தடிப்பைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. பக்கத்துல மணி எழுதுங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. மறுநாள் அதே மணிக்குத் திரும்பப் பாருங்க. வட்டத்துக்குள்ள தோல் பழையபடி வழுவழுன்னு இருந்து, வேற எடத்துல புதுசா தடிச்சிருந்தா அது அலர்ஜித் தடிப்பு. டாக்டர்கள் அர்ட்டிகேரியான்னு சொல்றது இதைத்தான். வட்டத்துக்குள்ள அதே தடிப்பு அப்படியே உக்காந்திருந்தா, கடியாத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

7/
ஏன் இப்படி? அர்ட்டிகேரியாவுல தோலுக்குள்ள இருக்கற மாஸ்ட் செல்லுங்கற அணுக்கள் ஹிஸ்டமினை வெளிய விடுது. ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு தோல் வீங்குது. அந்த நீர் திரும்ப உறிஞ்சப்பட்டதும் வீக்கம் சுவடே இல்லாமப் போயிடும். கடியில அப்படி இல்ல. பூச்சியோட எச்சில் தோலுக்குள்ள இறங்கியிருக்கு. அதை எதுத்து உடம்பு அந்த எடத்துக்கு அணுக்களை அனுப்புது. அந்தச் சண்டை முடிய நாள் கணக்காகும். அதனால கடி அஞ்சு நாள், ஒரு வாரம்னு அதே எடத்துல கெட்டியா நிக்கும்.

8/
இங்க நம்ம தோலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். புத்தகத்துல, இணையத்துல இருக்கற படங்கள்ல பெரும்பாலானது வெள்ளைத் தோல்ல எடுத்தது. அதுல தடிப்பு செக்கச்செவேல்னு இருக்கும், நடுவுல கடிச்ச புள்ளி தெளிவாத் தெரியும். நம்ம மாநிறத்துலயும் கருப்புலயும் சிவப்பு தெரியாது. அதனால கண்ணை நம்பாம விரலை நம்புங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க, மேடு தெரியும். டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாச்சு அடிங்க, நிழல்ல வீக்கம் தெரியும். கடி ஆறினதுக்கு அப்புறம் நம்ம தோல்ல கருப்புப் புள்ளி வாரக்கணக்குல நிக்கும். அர்ட்டிகேரியா ஆறினா பெரும்பாலும் ஒரு அடையாளமும் இருக்காது. இந்தக் கருப்புப் புள்ளி நமக்குச் சாதகமான சாட்சி.

9/
ரெண்டாவது கேள்வி: கூட்டம். கொசு பறக்கும். இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு கடிக்கும். அதனால கொசுக்கடி சிதறிக் கிடக்கும். மூட்டைப்பூச்சிக்கு றெக்கை கிடையாது. படுக்கையில நடந்து வந்து, தோல் துணியைத் தொடுற ஓரத்துல வாயை வைக்கும். நீங்க புரண்டா எடுத்துட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி வைக்கும். அதனால அதோட கடி மூணு நாலு புள்ளியா ஒரு வரிசையிலயோ, ஒரே எடத்துல கொத்தாவோ இருக்கும். தெள்ளுப்பூச்சியும் கொத்தாத்தான் கடிக்கும். ஆனா அது தரையில இருந்து குதிக்கிறது, அதனால கணுக்காலைத் தாண்டி அதிகம் ஏறாது. வீட்டுல நாய், பூனை, ஆடு இருந்தா அதையும் யோசிங்க.

10/
ஒரு எச்சரிக்கை. "மூணு புள்ளி வரிசையா இருந்தா மூட்டைப்பூச்சி"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்துது. வரிசை ஒரு துப்புதான், தீர்ப்பு இல்ல. கொசுவும் சில நேரம் பக்கத்துல பக்கத்துல கடிக்கும். மழைக்காலத்துல டியூப்லைட்டைச் சுத்தி வர ஒரு மெலிசான கருப்பு ஆரஞ்சு வண்டு இருக்கு. அதை உடம்புல வச்சு நசுக்கினா அதோட நீர் பட்ட தடம் முழுக்க கோடு போட்ட மாதிரி வெந்துடும். அது அரிக்கிறதை விட எரியும். அதைக் கடின்னு நினைச்சு நாலு பேரு நாலு மருந்து தடவுவாங்க. அது கடியே இல்ல.

11/
மூணாவது கேள்வி: இடம். மூணுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். எங்க இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க, எங்க இல்லன்னும் பாருங்க. ரவிக்கைக்கு உள்ள, பனியனுக்கு உள்ள, முதுகுல, வயித்துல ஒண்ணுமே இல்லாம கை, கழுத்து, முகம், முழங்காலுக்குக் கீழ மட்டும் இருந்தா, வெளியில இருந்து ஏதோ ஒண்ணு வந்து கடிச்சிருக்கு. துணி ஒரு வேலி. ரத்தத்துக்குள்ள இருக்கற அலர்ஜிக்கு வேலி தெரியாது. அது வயித்துல, தொடையில, முதுகுல, உள்ளங்கையில கூட வரும். துணி இறுக்குற எடத்துல, பாவாடை நாடா கட்டுற எடத்துல, இன்னும் அதிகமாவே வரும்.

12/
ஒரு கேஸை முழுசாச் சொல்றேன், அப்பத்தான் இது எப்படிப் பொருந்துதுன்னு புரியும். திருக்கோவிலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். நாப்பது வயசுக்கு மேல ஒரு அம்மா, சர்க்கரை நோய் உண்டு. மூணு மாசமா ராத்திரி அரிப்பு. வெளியில ஏழு முறை ஊசி. கூடவே, "உங்களுக்கு அலர்ஜி உடம்பு"ன்னு சொல்லி முட்டை, கருவாடு, கத்தரிக்காய், மணிலாக்கொட்டை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. மணிலா போடுற வீட்டுல அந்த அம்மா மட்டும் மணிலா தொடல. அரிப்பு நிக்கல. சர்க்கரை மட்டும் ஏறிப்போச்சு.

13/
இதுல ஒரு வாக்குவாதம் வேற. வீட்டுக்காரர் அதே கட்டில்ல, அதே மெத்தையில படுக்கிறார். அவர் உடம்புல ஒரு புள்ளி இல்ல. "பூச்சின்னா என்னையும் கடிச்சிருக்கணுமே? உன் உடம்புலதான் ஏதோ கோளாறு"ன்னு சொல்லியிருக்கார். ஊசி போட்டவங்களும் அதையே சொல்லியிருக்காங்க. கேக்க ரொம்ப சரியா இருக்கும். ஆனா தப்பு. கடிக்கிறது ஒண்ணு, கடிச்சதுக்கு உடம்பு தடிக்கிறது இன்னொண்ணு. மூட்டைப்பூச்சி கடிச்சும் தோல்ல ஒண்ணுமே தெரியாத ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. அவரையும் கடிச்சிருக்கும், அவர் தோல் புகார் கொடுக்கல, அவ்வளவுதான்.

14/
அந்த அம்மாகிட்ட மூணு கேள்வியையும் போட்டுப் பாப்போம். நேரம்: ஒரு புள்ளி வந்தா அஞ்சாறு நாள் அதே எடத்துல இருக்கு, அப்புறம் கருப்பாகுது. கூட்டம்: இடது முன்கையில மூணு புள்ளி ஒரே கோட்டுல, கழுத்துல ரெண்டு, ரெண்டு கெண்டைக்காலுலயும் கொத்து. இடம்: ரவிக்கைக்குள்ள சுத்தமா ஒண்ணும் இல்ல. விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் இடுப்பையும் பாத்தேன், அங்கயும் இல்ல. அது ஏன்னா, ராத்திரி அரிப்புன்னா சொறி சிரங்கையும் நினைக்கணும். அது விரல் இடுக்கை விடாது, வீட்டுல ஒருத்தரோட நிக்கவும் நிக்காது.

15/
அடுத்த கேள்வி மருத்துவக் கேள்வியே இல்ல. "வீட்டுக்குப் புதுசா கட்டில், மெத்தை, பெட்டி ஏதாவது வந்துச்சாம்மா?" மகள் சென்னையில படிச்சு முடிச்சிட்டு, ஹாஸ்டல்ல போட்டிருந்த மெத்தையை வீணாக்க மனசில்லாம பஸ்ஸுல ஏத்திக் கொண்டுவந்திருக்கு. அது வந்து சில வாரம் கழிச்சுத்தான் அரிப்பு ஆரம்பம். இந்த இடைவெளியும் பொருந்துது. முதல் முறை கடிபடுற உடம்பு உடனே தடிக்காது. சில நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் கூட ஆகலாம். அதனாலதான் மெத்தையையும் அரிப்பையும் யாரும் முடிச்சுப் போடல.

16/
வீட்டுக்குப் போய் என்ன பாக்கணும்னு சொல்லி அனுப்பினேன். ராத்திரி டார்ச் எடுத்து மெத்தையோட தையல் மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க. கட்டில் சட்டம் சேர்ற மூலை, ஆணி ஓட்டை, தலைமாட்டுச் செவுத்து விரிசல் பாருங்க. மை தெளிச்ச மாதிரி கருப்புப் புள்ளி இருந்தா அது பூச்சி குடிச்ச ரத்தத்தோட கழிவு. ஈரத்துணியில துடைச்சா பழுப்பாப் பரவும். மெலிசா, காஞ்சுபோன சட்டை மாதிரி தோல் உரிஞ்சு கிடக்கும். பூச்சி அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும், தட்டையா, பழுப்பு நிறம். மகன் போன்ல வீடியோ எடுத்து வந்தான். மூணும் இருந்துச்சு.

17/
அந்த அம்மாவுக்கு நான் ஊசி போடல. ராத்திரிக்குச் செட்ரிசின் மாத்திரை கொஞ்ச நாள், தடிப்புல தடவ லேசான களிம்பு, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் வீட்டுக்கான வைத்தியம். முட்டையும் கருவாடும் மணிலாவும் திரும்பச் சாப்பிடச் சொன்னேன். கட்டிலைச் சரி பண்ணி, அடுத்த ஒரு மாசத்துல புதுப் புள்ளி வரல. ஊசி நின்னதும் சர்க்கரையும் பழைய நிலைக்கு இறங்கிடுச்சு. மூணு மாச அவதிக்கு முடிவு மருந்துச் சீட்டுல இல்ல, மெத்தைத் தையல்ல இருந்துச்சு.

18/
வீட்டு வைத்தியம்னா என்ன? துணி, போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் கை பொறுக்காத சுடுதண்ணியில ஊற வச்சுத் துவைங்க. அம்பது டிகிரிக்கு மேல சூட்டுல பூச்சியும் முட்டையும் சாகும். நம்ம பாட்டிங்க கயித்துக் கட்டிலைத் தெருவுல போட்டுக் கொதிக்கிற தண்ணியை மூலை மூலையா ஊத்துனாங்க. அது சரியான வைத்தியம். மெத்தையை வெறுமனே வெயில்ல போட்டா மட்டும் போதாது. சூடு படாத அடிப்பக்கத்துக்குப் பூச்சி ஓடிடும். ஒரு தடவையோட விடாதீங்க. முட்டை பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி செய்யணும். வீட்டைப் பூட்டிட்டுப் போனாலும் பிரயோசனம் இல்ல. ரத்தம் இல்லாம மாசக்கணக்குல கிடக்கும்.

19/
இதைத் தனியாப் படிங்க. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் கட்டிலுக்கு அடிக்காதீங்க. நெல்லு மூட்டைக்கு வைக்கிற மாத்திரையைப் படுக்கிற அறையில வைக்கவே வைக்காதீங்க. அதுல இருந்து வர்ற வாயு தூங்குற குடும்பத்தையே கொல்லும். மூட்டைப்பூச்சிக் கடியால யாரும் சாகறது இல்ல, அது மூலமா நோய் பரவுதுன்னும் நிரூபணம் ஆகல. அதை ஒழிக்கப் போய் உயிரை விடக்கூடாது. சுடுதண்ணியில அடங்கலன்னா பூச்சி ஒழிக்கிற வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

20/
இப்ப குழந்தைங்க. ரெண்டு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்குக் கால்லயும் கையிலயும் கெட்டிக் கெட்டியா அரிக்கிற கொப்புளம் மாசக்கணக்குல வந்து வந்து போகும். ஒரு புதுக் கடி விழுந்தா ஆறிப்போன பழைய எடமும் சேந்து கிளம்பும். அதனால அம்மாவுக்கு "ராத்திரியோட ராத்திரியா இருபது வந்துடுச்சு, சாப்பாடுதான்"னு தோணும். முட்டையை நிறுத்துவாங்க, பாலை நிறுத்துவாங்க. வளர்ற புள்ளையோட தட்டுல கை வைக்காதீங்க. பெரும்பாலும் அது கொசுவுக்கும் தெள்ளுக்கும் அந்த உடம்பு காட்டுற அதிகக் கோவம். டயாப்பர் இல்லன்னா ஜட்டி மூடுற எடத்தைப் பாருங்க. அங்க இல்லன்னா சாப்பாட்டைக் குத்தம் சொல்லாதீங்க, கொசுவலை கட்டுங்க.

21/
சரி, வட்டம் போட்டுப் பாத்து, தடிப்பு எடம் மாறுதுன்னு தெரிஞ்சுது, அர்ட்டிகேரியாதான். அதுக்காவது ஊசி வேணுமா? பெரும்பாலும் வேணாம். தூக்கம் அதிகம் வராத அலர்ஜி மாத்திரையை டாக்டர் சொல்ற அளவுல தினமும் எடுத்தா போதும். சளி காய்ச்சலுக்கு அப்புறம் வர்றது நிறைய. அது சில வாரத்துல தானாப் போயிடும். வலி மாத்திரை சாப்பிட்டு வந்துச்சான்னு யோசிங்க. ஆறு வாரத்தைத் தாண்டித் தினமும் வந்தா அது நாள்பட்ட வகை. அதுக்குச் சாப்பாடு காரணமா இருக்கறது ரொம்ப அபூர்வம். பல ஆயிரம் ரூபாய்க்கு "அலர்ஜி பேனல்" ரத்தப் பரிசோதனை எடுத்து, அதுல வர்ற நீளமான பட்டியலைப் பாத்துச் சோத்தை நிறுத்தாதீங்க. தடிப்பு ஒரு நாளைத் தாண்டி நின்னு, வலிச்சு, கன்னிப்போன தழும்பு விட்டுச்சுன்னா மட்டும் தோல் டாக்டரைப் பாருங்க. அது வேற வியாதியா இருக்கலாம்.

22/
அடுத்து, உயிர் போற எடம். கல்வராயன் மலைப் பக்கம் கதண்டு, மலைத்தேனீ கொட்டி வர்றவங்களைப் பாத்திருப்பீங்க. கையில கொட்டி, அந்தக் கை முழுசும் தலையணை மாதிரி வீங்கி, ரெண்டாம் நாள் இன்னும் அதிகமானா எல்லாரும் பயந்து ஓடி வருவாங்க. ஆனா கொட்டுன எடத்தைச் சுத்தி மட்டும் வீங்குனா பெரும்பாலும் ஆபத்து கம்மி. நான் பயப்படுறது வேற ஆளுக்கு. கையில கொட்டியிருக்கும், வயித்துல தடிக்கும். கால்ல கொட்டியிருக்கும், உதடு வீங்கும், குரல் மாறும், மூச்சு இழுக்கும், வாந்தி வரும், தலை சுத்தும். கொட்டுன எடம் ஒண்ணு, அறிகுறி வேற எடத்துலன்னா உடனே 108.

23/
அந்த நேரத்துல உயிரைக் காப்பாத்துற மருந்து அட்ரினலின். பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கச் சதையில. அவிலும் டெக்ஸாவும் அந்த நிமிஷத்துல உயிரைக் காப்பாத்தாது. டெக்ஸா வேலை செய்ய மணிக்கணக்காகும், மூச்சுக்குழாய் அவ்வளவு நேரம் காத்திருக்காது. "அலர்ஜின்னா அவில் டெக்ஸா"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கறதோட உண்மையான விலை இதுதான். தேவையே இல்லாத கொசுக்கடிக்கு அந்த ஊசியைப் போடுறோம், நிஜமாவே சாகப்போற ஆளுக்கும் அதையே போட்டுட்டு அட்ரினலினை எடுக்கத் தயங்குறோம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மயக்கமா இருக்கறவங்களைப் படுக்க வச்சுக் காலைத் தூக்கி வைங்க, எழுந்து நடக்க விடாதீங்க. மூச்சுத் திணறினா உக்கார வைங்க.

24/
இன்னொரு உதட்டு வீக்கமும் இருக்கு. அரிப்பு இல்ல, தடிப்பு இல்ல, காலையில எழுந்தா உதடோ நாக்கோ மட்டும் உப்பியிருக்கும். "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்"னு சொல்லுவாங்க. எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி 'ப்ரில்'னு முடியிற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுறீங்களா? அது காரணமா இருக்கலாம். வருஷக்கணக்குல சாப்பிட்டவங்களுக்கும் திடீர்னு வரலாம். அவில் டெக்ஸாவுக்கு அது சரியா அடங்காது, அடுத்த முறை தொண்டையில வரலாம். மாத்திரைப் பட்டையை எடுத்துக்கிட்டு அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, மாத்திரையை மாத்தணும். நாக்கு, தொண்டை வீங்கினாலோ பேச, முழுங்கச் சிரமமா இருந்தாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரி.

25/
கடைசியா நிஜமான காணாக்கடி. அது அரிக்காது. புதர், வரப்பு, கரும்புக் காடு, மலைக்காட்டுப் பக்கம் போனவங்களைக் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் பூச்சிப்புழு கடிக்கும். அது துணி வேலியைத் தாண்டி உள்ள போய் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ, இடுப்பு நாடா எடம், காதுக்குப் பின்னாடின்னு மறைவான எடத்துல கடிக்கும். மத்த கடியெல்லாம் திறந்த எடத்துல, இது மட்டும் மூடின எடத்துல. சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு, சுத்திச் சிவப்பு. வலி இல்ல, அரிப்பு இல்ல. அப்புறம் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. இது ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல்னும் சொல்றாங்க.

26/
வட தமிழ்நாட்டுல மழைக்குப் பிந்தைய குளிர் மாசங்கள்ல இது நிறைய வரும். டாக்ஸிசைக்ளின்னு ஒரு மலிவான மாத்திரை, சீக்கிரமாக் கொடுத்தா ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். விட்டா நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போய் உயிரை எடுக்கும். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது, ஆனா இருந்தா அதுவே பாதி தீர்ப்பு. அதைப் பாக்கணும்னா துணியை விலக்கணும். வேலைக்குப் போற பெண்களுக்கு இது பெரும்பாலும் பாக்காமலே போகுது. கேக்க டாக்டருக்குக் கூச்சம், சொல்ல அவங்களுக்குக் கூச்சம். காய்ச்சலா? வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு அக்குளையும் தொடையிடுக்கையும் மார்புக்குக் கீழயும் நீங்களே பாருங்க. பொருக்கு இருந்தா வாய் திறந்து சொல்லுங்க. இல்லன்னாலும் காய்ச்சல் நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க.

27/
என் சக டாக்டர்கள் சிலர் சொல்லப்போறது எனக்குத் தெரியும். "ஓபியில வெளிய நூறு பேரு நிக்கிறாங்க, வட்டம் போடவா நேரம்?" எத்தனை நேரம் இருக்கு, சட்டைக்குள்ள இருக்கா, வீட்டுக்குப் புதுசா என்ன வந்துச்சு. இதைக் கேக்க ஒரு நிமிஷம். சிரிஞ்சை உடைச்சு மருந்தை இழுத்துப் போட அதை விட அதிக நேரம் ஆகும். "ஊசி போடலன்னா வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க"ங்கறது இன்னொரு பதில். அது வியாபாரக் கணக்கு, அதுக்கு மருத்துவம்னு பேரு வைக்க வேணாம்.

28/
உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். மூச்சு, குரல், உதடு, மயக்கம் இதுல எதுவும் இல்லாத தடிப்பா? ஊசிக்கு ஓடாதீங்க. வட்டம் போடுங்க, மணி எழுதுங்க, போட்டோ எடுங்க. துணிக்கு உள்ள இருக்கா, வெளிய மட்டும் இருக்கான்னு பாருங்க. இந்த மூணையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. பாக்காமலே ஊசியை எடுத்தா, "என்னன்னு நினைக்கிறீங்க டாக்டர், இது கடியா, அலர்ஜியா?"ன்னு மரியாதையாக் கேளுங்க. பதில் வந்ததுக்கு அப்புறம் கையை நீட்டுங்க.

வீட்டுல ராத்திரி சொறிஞ்சுக்கிட்டு இருக்கற யாராவது இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. மெத்தையையும் ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடுங்க.